களிமண் கெட்டிப்படும் வரை காத்திருக்கும் கரை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் மூவார் என்றொரு கடலோரச் சமவெளி. 1980களின் இறுதியில் அங்கே பொறியாளர்கள் ஒரு மண்கரையை, அது சரிந்து விழும் வரை, வேண்டுமென்றே உயர்த்திக்கொண்டே போனார்கள். நாட்டின் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை இப்படிப்பட்ட சேற்றுக் களிமண் மீது நெடுந்தூரம் போகவேண்டியிருந்தது. அந்த மண் எவ்வளவு தாங்கும், எந்த முறையில் கட்டினால் தாங்கும் என்று பார்ப்பதற்காக மலேசிய நெடுஞ்சாலை வாரியம் அந்த ஒரே இடத்தில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட சோதனைக் கரைகளைக் கட்டியது. ஒவ்வொன்றிலும் ஒரு முறை. ஒன்றில் மட்டும் எந்தச் சிகிச்சையும் இல்லை.

அந்தக் கரை எந்த உயரத்தில் சரியும் என்று முன்கூட்டியே சொல்லும்படி பல நாட்டு வல்லுநர்களிடம் கேட்டார்கள். எல்லோர் கையிலும் ஒரே மண் பரிசோதனை விவரங்கள்தான். ஆனால் வந்த விடைகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டன. கொட்டிய மண்ணின் தடிமன் 5.4 மீட்டரை எட்டியபோது கரை பிளந்து சரிந்தது.

அதே இடத்தில் இன்னொரு கரை. அதை 14 நாளில் 2.57 மீட்டர் உயர்த்தி நிறுத்திவிட்டார்கள். பிறகு 105 நாள் அதன்மேல் ஒரு கூடை மண்கூடப் போடவில்லை. அதற்குப் பிறகு 24 நாளில் 4.74 மீட்டர் வரை கொண்டுபோனார்கள். வேலை நடக்காத அந்த 105 நாளும் சோம்பேறித்தனம் அல்ல. கட்டுமானத்தின் ஒரு பகுதியே அதுதான். கரையின் கீழே இருக்கும் களிமண் வலுப்பெறுவதற்குக் கொடுத்த அவகாசம் அது. இந்த முறைக்குப் படிநிலைக் கட்டுமானம் என்று பெயர். சாலை, ரயில்பாதை, வெள்ளத் தடுப்புக் கரை, அணை என்று மென்களிமண் மீது எழும் எதற்கும் இது பொருந்தும்.

நீரே சுமையைத் தாங்கும் காலம்

மூவாரில் மேலே இரண்டு மீட்டர் வரை வெயிலில் காய்ந்து இறுகிய ஓடு போன்ற மண். அதற்குக் கீழே பதினைந்து மீட்டருக்கும் மேல் மென்களிமண். ஓட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் களிமண்ணை எடுத்துப் பிசைந்தால் விரலிடுக்கில் வழியும். அதில் இருக்கும் நீரின் எடை, மண் துகள்களின் எடைக்கு ஏறத்தாழச் சமம். வழுக்கிச் சரியாமல் எதிர்த்து நிற்கும் வலிமை அங்கே சதுர மீட்டருக்கு ஒரு டன்கூட இல்லை. கொட்டி இறுக்கிய கரைமண்ணோ ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சதுர மீட்டருக்கு இரண்டு டன் பாரம் ஏற்றும்.

இந்தப் பாரம் ஏறியதும் உள்ளே என்ன நடக்கிறது? மணலாக இருந்தால் இடுக்கிலுள்ள நீர் உடனே விலகிவிடும். துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று இறுகிப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். களிமண்ணின் இடுக்குகளோ மிக நுண்ணியவை. நீருக்கு வெளியேற வழி இல்லை. அதனால் ஏற்றிய பாரம் முழுவதையும் முதலில் அந்த நீர்தான் அழுத்தமாகத் தாங்குகிறது. இதைத் துளைநீர் அழுத்தம் என்பார்கள். துகள்களுக்குப் பாரம் போய்ச் சேராததால் களிமண்ணின் வலிமை கரை போடுவதற்கு முன் இருந்த அளவிலேயே நிற்கிறது. பாரம் மட்டும் ஏறிவிட்டது.

பிறகு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீர் கசிந்து வெளியேறுகிறது. அழுத்தம் குறையக் குறையப் பாரம் துகள்களின் மேல் இறங்குகிறது. களிமண் சுருங்குகிறது, கரை அமிழ்கிறது, கூடவே வலிமையும் கூடுகிறது. எனவே மென்களிமண் மீதுள்ள கரைக்கு மிக ஆபத்தான நாள், கடைசி லாரி மண்ணைக் கொட்டிய நாள். அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு மாதமும் கரையின் பாதுகாப்பு கூடிக்கொண்டே போகும். மண்ணை வெட்டி எடுத்த சரிவில் நிலைமை இதற்கு நேர்மாறு. அது நாளாக ஆக வலிமை இழக்கும்.

பக்க மேடை எதற்கு?

கரை சரியும் விதத்தைப் பார்த்தால் பக்க மேடையின் தேவை புரியும். மென்களிமண்ணில் கரை நேராகக் கீழே புதைவதில்லை. கரைத்தலையில் நீளவாக்கில் ஒரு பிளவு விழும். அந்தப் பிளவிலிருந்து கிண்ணத்தின் உள்வளைவு போல ஒரு வழுக்குப் பரப்பு களிமண்ணுக்குள் இறங்கி, கரையடிக்கு அப்பால் மேலே ஏறும். கரை இருக்கும் பக்கம் தாழும். எதிரே உள்ள வெறும் தரை உப்பிக்கொண்டு எழும். தராசின் ஒரு தட்டில் மட்டும் பாரம் வைத்தது போல.

உப்பி எழக்கூடிய அந்த இடத்தில் முன்கூட்டியே மண்ணைப் போட்டு அமுக்கி வைப்பதுதான் பக்க மேடை. பொறியாளர்கள் அதை பெர்ம் என்பார்கள். பிரதான கரையின் இருபுறமும், அதைவிடத் தாழ்வாக, அகலமாக ஓடும் மண் மேடை அது. விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். பாரமாக இருந்தால் போதும். ஆனால் அகலம் போதவேண்டும். மேடை குறுகலாக இருந்தால் வழுக்குப் பரப்பு அதற்கும் அடியில் நுழைந்து அப்பால் வெளியேறிவிடும்; மேடையும் கரையோடு சேர்ந்தே சரியும். அதனால் மென்களிமண் எவ்வளவு ஆழமாக இருக்கிறதோ அந்த அளவுக்கு மேடையும் அகலப்படவேண்டும். இந்த முறையின் பெரிய செலவு நிலம்தான்.

வேலையின் வரிசையும் முக்கியம். நடுக்கரையை முழு உயரத்துக்கு எழுப்பிவிட்டுப் பிறகு மேடை போடலாம் என்று நினைத்தால், மேடை வருவதற்குள் கரை சரிந்துவிடலாம். மேடை நடுக்கரையோடு சேர்ந்தோ அதற்கு முன்னதாகவோ எழவேண்டும். இருபுறமும் சமமாக எழவேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஐந்து மீட்டர் உயரத்தில் ஒரு கரை தேவை என்று வைத்துக்கொள்வோம். கீழே சதுர மீட்டருக்கு ஒரு டன் வலிமையுள்ள களிமண். மென்களிமண் தன் வலிமையைப் போல 5.14 மடங்கு பாரத்தில் உடையும் என்பது நிலத்தாங்குதிறன் கணக்கின் பழைய விதி. அதாவது 5.14 டன். மீட்டருக்கு இரண்டு டன் வீதம் பார்த்தால், இரண்டரை மீட்டர் உயரத்தைச் சற்றே தாண்டும்போது கரை சரியும். சரியும் உயரத்திலேயே போய் நிற்க முடியாது. கட்டுமானக் காலத்துக்கு 1.3 மடங்காவது பாதுகாப்பு வைப்பது வழக்கம். அப்படி வகுத்தால் ஒரே மூச்சில் ஏற்றக்கூடியது இரண்டு மீட்டர்தான்.

இங்கே இரண்டு மீட்டர் என்பது ஒரு மட்டத்துக்கும் அதற்குப் பக்கத்து மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே இரண்டு மீட்டர் உயரத்தில் பக்க மேடை இருந்தால், நடுக்கரை அதற்கு மேல் இன்னும் இரண்டு மீட்டர் ஏறலாம். மொத்தம் நான்கு. மேடை மட்டுமே இவ்வளவு தரும். இன்னும் ஒரு மீட்டர் மிச்சம் இருக்கிறது.

அதைக் காத்திருப்பு தரும். முதலில் மேடையின் அகலத்தையும் நடுக்கரையின் அகலத்தையும் சேர்த்து ஒரே தளமாக இரண்டு மீட்டர் உயர்த்தி நிறுத்துகிறோம். பாரம் நான்கு டன். உண்டான துளைநீர் அழுத்தத்தில் 60 சதவீதம் வடியும் வரை காத்திருந்தால் 2.4 டன் துகள்களின் மேல் இறங்கியிருக்கும். துகள்கள் தாங்கும் அழுத்தத்தில் சுமார் 0.22 பங்கு மென்களிமண்ணின் வலிமையாக மாறும் என்று 1975இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மெஸ்ரி காட்டினார்; இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு அந்த எண்ணைத்தான் எடுக்கிறார்கள். 2.4 டன்னில் 0.22 பங்கு என்றால் அரை டன்னுக்குச் சற்று அதிகம். ஒரு டன்னாக இருந்த வலிமை ஒன்றரை டன் ஆகிவிட்டது. அதே கணக்கைத் திரும்பப் போட்டால், நடுக்கரை தளத்துக்கு மேல் மூன்று மீட்டர் ஏறலாம். இரண்டும் மூன்றும் ஐந்து. தேவையான உயரம் கிடைத்துவிட்டது.

இந்த எளிய கணக்கு சொல்லாமல் விடுவது இரண்டு. முதலாவது, வலிமை கூடுவது பாரம் விழுந்த இடத்தில் மட்டும்தான். தளத்துக்கு வெளியே உள்ள களிமண் பழையபடியே ஒரு டன்தான். வழுக்குப் பரப்பு இரண்டு பகுதிகளையும் கடந்து போவதால், கரையடியில் எவ்வளவு, நடுவில் எவ்வளவு, ஐந்து மீட்டர் ஆழத்தில் எவ்வளவு என்று வலிமையைப் பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் கணக்கிடவேண்டும். நடுவில் கிடைத்த நல்ல எண்ணை எல்லா இடத்துக்கும் போட்டுவிட்டால் கரை காகிதத்தில் மட்டுமே நிற்கும்.

இரண்டாவது, களிமண்ணுக்கு நினைவு உண்டு. முன்பு ஒரு காலத்தில் காய்ந்தோ பாரம் தாங்கியோ ஓரளவு இறுகியிருந்தால், அந்தப் பழைய அழுத்தத்தைத் தாண்டும் வரை புதிய பாரம் பெரிதாக வலிமை சேர்க்காது. முதல் தளம் அந்த எல்லையைத் தாண்டாத அளவுக்குத் தாழ்வாக இருந்தால், எத்தனை மாதம் காத்திருந்தாலும் பயன் குறைவு.

ஏழு ஆண்டை ஆறு மாதமாக்கும் வடிகால்

காத்திருப்பு எவ்வளவு காலம் என்பதை நீர் நடக்கவேண்டிய தூரம் தீர்மானிக்கிறது. தூரம் இருமடங்கானால் காலம் நான்கு மடங்காகும். பத்து மீட்டர் தடிமனுள்ள களிமண் படுகையில் நீர் மேலும் கீழும் மட்டும்தான் வெளியேற முடியும் என்றால், சாதாரண மென்களிமண்ணில் 60 சதவீதம் வடிய ஏழு ஆண்டு ஆகலாம். எந்தச் சாலைத் திட்டமும் அவ்வளவு காலம் காத்திருக்காது.

அதனால் களிமண்ணுக்குள் செங்குத்தாக வடிகால் நாடாக்களை இறக்குகிறார்கள். உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் பட்டை, அதைச் சுற்றி வடிகட்டித் துணி. எஃகு உறை ஒன்று அதைக் கீழே தள்ளி, அங்கேயே விட்டுவிட்டு மேலே வரும். இனி நீர் ஐந்து மீட்டர் ஏறவோ இறங்கவோ வேண்டாம். பக்கவாட்டில் ஒரு மீட்டருக்கும் குறைவாக நகர்ந்தால் போதும், நாடா வழியே மேலே வந்து, கரைக்கு அடியில் பரப்பிய மணல் படுகையில் ஓடிவிடும். மூவாரில் இரண்டு கட்டமாக எழுந்த அந்தக் கரைக்கு 1.3 மீட்டர் இடைவெளியில் 18 மீட்டர் ஆழம் வரை இப்படி நாடா இறக்கியிருந்தார்கள். அவ்வளவு நெருக்கமாக இறக்கினால் ஏழு ஆண்டு ஆறு மாதமாகச் சுருங்கும் என்கிறது கணக்கு.

காலண்டர் சொல்வதும் மண் சொல்வதும்

மூவாரின் மிகப் பெரிய பாடம் இங்கேதான் இருக்கிறது. 105 நாள் காத்திருப்பில் கரை அமிழ்ந்துகொண்டே இருந்தது. ஆனால் களிமண்ணுக்குள் பதித்த கருவிகளில் துளைநீர் அழுத்தம் கணக்கு சொன்ன வேகத்தில் இறங்கவில்லை. நாடா இறக்கும்போது எஃகு உறை சுற்றியுள்ள களிமண்ணைக் குழப்பிப் பூசிவிடுகிறது. அந்தப் பூச்சின் வழியே நீர் எளிதில் கசியாது. நாடாவும் ஆழத்தில் மடங்கலாம், அடைபடலாம். காரணங்கள் பற்றி ஆய்வாளர்கள் பின்னர் நிறைய எழுதினார்கள். களத்தில் நிற்கும் பொறியாளருக்கு வேண்டியது ஒன்றுதான்: அமிழ்வது தெரிகிறது என்பதற்காக வலிமை கூடிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. களிமண் பக்கவாட்டில் பிதுங்கினாலும் கரை அமிழும். அது வலிமை கூடுவதன் அடையாளம் அல்ல, சரிவின் தொடக்கம்.

ஆகவே அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்பதை நாள் எண்ணி முடிவுசெய்யக் கூடாது, அளந்து முடிவுசெய்யவேண்டும். துளைநீர் அழுத்தத்தை பீசோமீட்டர் அளக்கிறது. அந்த அளவீட்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கருவி களிமண்ணோடு சேர்ந்தே அமிழ்கிறது. அரை மீட்டர் அமிழ்ந்த கருவி அரை மீட்டர் கூடுதல் நீருக்குக் கீழே இருக்கிறது. அதனால் அழுத்தத்தைச் சதுர மீட்டருக்கு அரை டன் அதிகமாகவே காட்டும். கருவி இப்போது எந்த ஆழத்தில் இருக்கிறது என்று திருத்திக்கொள்ளாவிட்டால், வடிந்துகொண்டிருக்கும் மண்ணை வடியவில்லை என்று நினைத்துவிடுவோம்.

இன்னொரு பொறியும் உண்டு. அளந்த துளைநீர் அழுத்தத்தைக் கழித்து, மிச்சத்தை உராய்வு வலிமையாகக் கொண்டு பாதுகாப்பைக் கணக்கிடுவது பார்வைக்கு நேர்மையான வழி போலத் தோன்றும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சார்ல்ஸ் லாட் 1991இல் அச்சான தமது டெர்சாகி நினைவுச் சொற்பொழிவில் இதைத்தான் கடுமையாக எச்சரித்தார். களிமண் சரியத் தொடங்கும்போது அந்தச் சரிவே புதிதாகத் துளைநீர் அழுத்தத்தைக் கிளப்பும். கருவி காட்டுவது சரிவதற்கு முந்தைய அழுத்தம். அதை நம்பினால் உள்ளதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பு இருப்பதாகத் தெரியும். அளந்த அழுத்தத்தைக் கொண்டு, நீர் வெளியேற வழியில்லாமல் திடீரெனச் சரிந்தால் களிமண்ணுக்கு அந்த நேரத்தில் என்ன வலிமை இருக்கும் என்று கண்டுபிடித்து, அந்த வலிமையைத்தான் கணக்கில் போடவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நேரடியான சோதனை ஒன்று இருக்கிறது. நான்கு இறக்கைகள் கொண்ட எஃகுத் தண்டைக் களிமண்ணுக்குள் இறக்கித் திருகுகிறார்கள். எவ்வளவு விசையில் மண் வெட்டுப்படுகிறதோ அதிலிருந்து வலிமை தெரியும். கரை போடுவதற்கு முன் ஒருமுறை, முதல் காத்திருப்பு முடிந்ததும் அதே ஆழங்களில் இன்னொருமுறை. எண் கூடியிருந்தால் மேலே போகலாம். கூடாவிட்டால் காத்திருப்பை நீட்டவேண்டும், அல்லது மேடையை அகலப்படுத்தவேண்டும்.

கரை முன்கூட்டியே சொல்லும்

மென்களிமண் கரை பெரும்பாலும் அறிவிப்பு கொடுத்த பிறகே சரிகிறது. கரையடியில் செங்குத்துக் குழாய் பதித்து, மண் பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது என்று அளப்பார்கள். அதை நடுவில் ஏற்படும் அமிழ்வோடு ஒப்பிடுவார்கள். பல கரைகளின் அளவீடுகளைத் தொகுத்த டவெனாஸ் குழுவினர் 1979இல் ஓர் ஒழுங்கைக் கண்டார்கள். தொடக்கத்தில் பக்க நகர்வு அமிழ்வில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாரம் களிமண்ணின் பழைய எல்லையைத் தாண்டியதும், மண் போடப் போட இரண்டும் ஏறத்தாழச் சமமாகக் கூடுகின்றன. மண் போடுவதை நிறுத்திக் காத்திருக்கும் காலத்தில் மறுபடியும் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மண் போடுவதை நிறுத்திய பிறகும் பக்க நகர்வு அமிழ்வுக்கு ஈடாக ஓடிக்கொண்டிருந்தால், அது களிமண் இறுகுவதல்ல, பிதுங்குவது.

கருவி இல்லாமலும் சில அறிகுறிகளைப் பார்க்கலாம். கரைத்தலையில் நீளவாக்கில் ஓடும் வெடிப்பு. கரையடிக்கு அப்பால் உப்பிய தரை. ஒரே கோட்டில் நட்ட முளைகள் வளைவாக விலகியிருப்பது. பக்கத்து வாய்க்கால் குறுகுவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மண் போடுவதை நிறுத்தவேண்டும். வெடிப்பை மண் போட்டு மூடுவது மிகப் பெரிய தவறு. பாரமும் கூடும், அறிகுறியும் மறையும். மேலிருந்து மண்ணை அள்ளி எடுக்கவேண்டும். அள்ளிய மண்ணைக் கரையடிக்கு அப்பால் மேடையாகப் போடவேண்டும். ஒரே வேலை இருபுறமும் உதவும்: தள்ளும் பாரம் குறையும், தடுக்கும் பாரம் கூடும்.

அமிழ்ந்ததை ஈடுகட்டப் போடும் மண்ணையும் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது. கரை ஒரு மீட்டர் அமிழ்ந்து, அதை நிரப்ப ஒரு மீட்டர் மண் போட்டால் வெளியே தெரியும் உயரம் மாறாது. கீழே இருக்கும் களிமண்ணுக்குப் பாரம் கூடியிருக்கும். மூவாரின் 5.4 மீட்டரும் கொட்டிய மண்ணின் தடிமன்தான், தரைக்கு மேல் தெரிந்த உயரம் அல்ல.

மென்களிமண் மீது கரை எழுப்புகிறவர்கள், அதற்கு நாள் குறிக்கிறவர்கள், அதன் பக்கத்தில் வாழ்கிறவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. திறப்பு விழாத் தேதியை முன்னே வைத்துக்கொண்டு காத்திருப்பு நாட்களைக் குறைக்கச் சொல்லாதீர்கள்; அந்த நாட்களைக் குறைத்தால் குறைவது கரையின் வலிமை. பக்க மேடையை வீணாகக் கிடக்கும் நிலம் என்று நினைத்து அங்கே மண் அள்ளவோ, கரையடியை ஒட்டிக் குட்டையோ வாய்க்காலோ வெட்டவோ விடாதீர்கள். பொறியாளர் ஒப்புதல் இல்லாமல் அந்த மேடையிலிருந்து ஒரு லாரி மண்கூட நகரக் கூடாது. அந்த மேடை இருக்கும் வரைதான் கரை நிற்கும்.